பேசிப் பார்க்கும் காலத்தில் வரன் நம் எழுத்துப்பிழையைத் திருத்தினால்: என் அனுபவம்

ஜாதகம் பொருந்தி, இரண்டு வீட்டிலும் பேசி, "பிள்ளைங்க பேசிப் பார்க்கட்டும்" என்று நம்பரைக் கொடுத்த பிறகு வாட்ஸ்அப்பில் ஓடுகிற சில மாதங்கள் இருக்கின்றனவே, கல்யாணம் நடப்பதும் நிற்பதும் இப்போது பெரும்பாலும் அங்கேதான் முடிவாகிறது. வரதட்சணை கேட்டால் என்ன செய்வது, பழைய காதலைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது என்றெல்லாம் அக்காவும் அண்ணியும் சொல்லிக் கொடுப்பார்கள். நாம் எழுதுகிற மெசேஜில் இருக்கும் எழுத்துப்பிழையை அந்த வரன் திருத்த ஆரம்பித்தால் என்ன பதில் சொல்வது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அது ஒரு பெரிய விஷயமாகவே யாருக்கும் படவில்லை. எனக்கு அதனால் அரை வருடத்துக்கு மேல் போனது. நிச்சயதார்த்த மண்டபத்துக்குக் கட்டிய அட்வான்ஸில் பாதி, ஒரு வகுப்புக்குக் கட்டிய பணம், மேட்ரிமோனி பேக்கேஜைப் புதுப்பித்த செலவு எல்லாம் சேர்த்து இருபதாயிரத்துக்கு மேல் போனது. பணத்தைவிட, வாய் ஓயாமல் பேசுகிற நான் ஒரு வரி எழுதவே பயந்த நிலைக்குப் போனதுதான் இன்னும் வலிக்கிறது. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நான் பெங்களூரில் பிறந்து வளர்ந்தவள். பள்ளியில் இரண்டாம் மொழி கன்னடம். தமிழ் எழுதப் படிக்கக் கற்றது வீட்டில், பாட்டியிடம், வார இதழ்களை எழுத்துக்கூட்டிப் படித்து. அப்பா சின்ன வயதில் லேத் பட்டறை வேலைக்கு இங்கே வந்தவர், எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர். அந்த வரன் காவிரிக் கரையோர ஊர்க்காரர், வங்கி வேலை. அவருடைய அப்பா தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். முதல் நாளே, "எனக்கு தங்கிலீஷ் ஒத்துவராது, தமிழ்லயே டைப் பண்ணுவோமா?" என்று கேட்டார். எனக்கு அது ரொம்பப் பிடித்தது. அதுவரை பார்த்த வரன்கள் எல்லாம் ஆங்கிலத்தில் நாலு வார்த்தை, ஒரு எமோஜி என்றுதான் பேசினார்கள். இவர் நிறுத்தி நிதானமாக, முழு வாக்கியமாக எழுதினார். ஒரு காலைச் சாப்பாட்டைப் பற்றி எழுதினால்கூடப் படிக்க நன்றாக இருக்கும்.

முதல் திருத்தம் நான் படித்த பள்ளியைப் பற்றிச் சொன்னபோது வந்தது. "பல்லி" என்று போய்விட்டது. அடுத்த நொடியில் நட்சத்திரக் குறி போட்டு "பள்ளி" என்று மட்டும் ஒரு மெசேஜ். நான் சிரித்துவிட்டு "தேங்க்ஸ்" என்றேன். அடுத்த வாரம் "கறி வாங்க" என்பது "கரி வாங்க" என்று போனது, அதற்கும் நட்சத்திரக் குறி. பிறகு அது தினப்படி வழக்கமானது. நான் நாலு வரி எழுதுவேன். அவர் முதலில் நட்சத்திரக் குறியோடு ஒரு சொல்லை அனுப்புவார். சில நிமிடம் கழித்துத்தான் சொன்ன விஷயத்துக்குப் பதில் வரும், சில நாள் வராமலே போகும்.

இந்தப் பிழைகள் எங்கிருந்து வருகின்றன என்று தெரியாமல்தான் நான் முதல் இரண்டு மாதம் கூனிக் குறுகினேன். தெரிந்திருந்தால் அவ்வளவு குறுகியிருக்க மாட்டேன். பேச்சில் ர, ற இரண்டும் பெரும்பாலானவர்கள் வாயில் ஒன்றுதான். ந, ன இரண்டும் அப்படித்தான். ழகரத்தை ளகரமாகச் சொல்லும் வீடுகள் ஏராளம், எங்கள் வீடும் அதில் ஒன்று. அதனால் இந்த எழுத்துகளைக் காதால் கேட்டு எழுத முடியாது. நிறையப் படித்து, அந்தச் சொல்லின் உருவம் கண்ணில் பதிந்திருந்தால்தான் கை சரியாக எழுதும். பள்ளியில் பன்னிரண்டு வருடம் தமிழ் படித்தவருக்கு அது தானாகப் பதிந்திருக்கும், வேறு மொழி படித்தவருக்குப் பதிந்திருக்காது. இதற்கும் புத்திக்கும் சம்பந்தமில்லை. அதற்கு மேல் போனின் கோளாறு வேறு. ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழாக மாறுகிற கீபோர்டைத்தான் நான் வைத்திருந்தேன். அதில் vali என்று அடித்தால் வலி, வழி, வளி என்று கீபோர்டுக்குத் தோன்றியதை வரிசையாகக் காட்டும். ஸ்பேஸ் தட்டினால் முதலில் இருப்பது விழுந்துவிடும். வேகமாக அடிப்பவர்களுக்கு எது விழுந்தது என்று பார்க்க நேரமிருக்காது.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. கீபோர்டை மாற்றிவிடலாம். 1999-ல் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 விசைப்பலகையில் ல, ள, ழ என்று ஒவ்வொன்றுக்கும் தனி விசை உண்டு, எது வேண்டும் என்று நாமே தேர்ந்தெடுக்கிறோம். பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும். அது வேண்டாம் என்றால் அஞ்சல் முறை இருக்கிறது. சிறிய l அடித்தால் ல, பெரிய L அடித்தால் ள, z அடித்தால் ழ, அவ்வளவுதான். செல்லினம் செயலியில் இரண்டும் கிடைக்கும். நான் அஞ்சலுக்கு மாறியதும் பாதிப் பிழை காணாமல் போனது. ஆனால் கீபோர்டை மாற்றியது எனக்காக, எனக்கு எழுதப் பிடிக்கும் என்பதற்காக. அவர் வாயை அடைக்கலாம் என்று நினைத்து மாற்றினால் ஏமாற்றம்தான், ஏனென்றால் பிழை குறையக் குறைய அவர் வேறு வேறு பிழை தேட ஆரம்பித்தார். ல, ள முடிந்ததும் ஒற்றெழுத்துக்கு வந்தார்.

முதல் திருத்தத்துக்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்பதை இப்போது யோசித்துப் பார்க்கிறேன். "தேங்க்ஸ்" சொன்னதில் குற்றமில்லை. ஆனால் வெறும் தேங்க்ஸோடு நின்றால் பேச்சு அந்தச் சொல்லிலேயே நின்றுவிடுகிறது. அவர் ஆசிரியர் ஆகிவிடுகிறார், நாம் மாணவி ஆகிவிடுகிறோம், எந்த விஷயத்தைச் சொல்ல வந்தோமோ அது கீழே போய்விடுகிறது. இப்போது யாராவது கேட்டால், "ஆமா, பள்ளி. அந்த ஸ்கூல்ல ஒரு டீச்சர் பத்திச் சொல்ல வந்தேன், கேளுங்க" என்று அதே மெசேஜில் விஷயத்துக்குத் திரும்புங்கள் என்பேன். திருத்தத்துக்கு ஒரு சொல், மிச்சமெல்லாம் விஷயத்துக்கு. "சாரி, எனக்குத் தமிழ் அவ்வளவா வராது, பெங்களூர்ல படிச்சதால" என்று நீளமாக விளக்கம் கொடுக்கக் கூடாது. நான் கொடுத்தேன், அவர் அதை அனுமதியாக எடுத்துக்கொண்டார். "அதனாலதான் சொல்லித் தரேன்" என்றார். அதற்கப்புறம் "வேண்டாம்" என்று சொல்வது எனக்கு நன்றி கெட்ட காரியம் போலத் தோன்றியது. முதல் தடவை கேட்கும்போது வாயில் வருகிற அந்தச் சமாதானம்தான் பின்னால் நம் கையைக் கட்டிப்போடுகிறது.

அடுத்த கட்டத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. மெசேஜை நேராக அனுப்புவதை நிறுத்தினேன். முதலில் நோட்ஸில் எழுதி, சந்தேகமான சொல்லை அகராதியில் தேடி, பிறகு ஒட்டி அனுப்பினேன். "ஆபீஸ்ல இன்னிக்கு ஒரே சண்டை" என்று சொல்லக் கால் மணி நேரம் ஆகும். ஆன்லைனில் தமிழ் இலக்கண வகுப்பு ஒன்றில் 3,500 ரூபாய் கட்டிச் சேர்ந்தேன். வகுப்பு நல்ல வகுப்பு, அந்த அம்மா அருமையாகச் சொல்லிக் கொடுத்தார். ஆனால் நான் சேர்ந்த காரணம் நல்ல காரணமில்லை. கஷ்டமான சொல் வந்தால் அதைத் தவிர்த்து வேறு சொல் போட்டேன், வேறு சொல் கிடைக்காவிட்டால் அந்த விஷயத்தையே சொல்லாமல் விட்டேன். பாட்டி இறந்த அன்று வீட்டில் நடந்ததை அவரிடம் சொல்ல ஆசைப்பட்டு, பாதி எழுதி, "ஒப்பாரி"க்கு எந்த ர என்று சந்தேகம் வந்து, அழித்துவிட்டேன். அது சரியாகத்தான் இருந்தது. உங்கள் மெசேஜ்கள் சுருங்கிக்கொண்டே போகின்றன, எழுதி அழிப்பது கூடுகிறது என்றால் அதைக் கவனியுங்கள். திருத்தம் நம்மைப் பாதிக்கிறதா இல்லையா என்று காட்டும் அடையாளம் அதுதான். கோபம் வருகிறதா என்று பார்த்தால் தெரியாது, எனக்குக் கோபமே வரவில்லை. அவர்மேல் மரியாதை கூடியதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் "ஞாயித்துக்கிழமை ஊருக்கு வந்து போனேன்" என்று எழுதியிருந்தேன். அவர் "ஞாயிற்றுக்கிழமை" என்று திருத்தினார், சரி. கூடவே "வந்துப் போனேன்" என்று ஒற்றுப் போட்டும் திருத்தினார். வகுப்பில் அதை அந்த வாரம்தான் நடத்தியிருந்தார்கள். கடைசி 'து'வுக்கோ 'று'வுக்கோ முன்னால் வல்லின மெய் இருந்தால் ஒற்று மிகும்: படித்துப் பார்த்தேன், எடுத்துக் கொடுத்தேன். மெல்லின மெய் இருந்தால் மிகாது: வந்து போனேன், இருந்து பார்த்தேன், நின்று பேசினேன். அப்படியானால் நான் எழுதியதுதான் சரி. வகுப்பு எடுக்கும் அம்மாவிடமும் கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

எனக்கு அன்றைக்கு உடம்பெல்லாம் ஒரு வேகம் வந்தது, பதிலுக்கு நட்சத்திரக் குறி போட்டு அடிக்க வேண்டும் என்று. அப்படிச் செய்யவில்லை. யார் மூக்கை யார் உடைப்பது என்ற ஆட்டமாக அது மாறினால் கல்யாணத்துக்கு அப்புறமும் அந்த ஆட்டம்தான் ஓடும். அதனால் சாதாரணமாக, "இந்த இடத்துல ஒற்று வராதுன்னு எங்க வகுப்புல சொன்னாங்க, நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டேன். தமிழ்மேல் உண்மையான ஆசை இருப்பவர் இந்தக் கேள்விக்குத் துள்ளிக் குதித்து வந்திருப்பார். "அப்படியா, அப்பாகிட்ட கேக்கறேன்" என்றாவது சொல்லியிருப்பார். அவர் மெசேஜைப் பார்த்ததற்கு இரண்டு நீல டிக் விழுந்தது. வெகுநேரம் கழித்து, "இதுல போய் என்ன விவாதம், விடுங்க" என்று வந்தது. மறுநாள் முழுக்கப் பேச்சில் ஒரு விறைப்பு. நம்மைத் திருத்தும் ஒருவர் தன்னைத் திருத்தினால் எப்படி எடுத்துக்கொள்கிறார் என்று ஒரே ஒரு தடவை பார்த்தாலே நிறையத் தெரிந்துவிடும். பொறி வைத்துப் பிடிக்க வேண்டாம். வாய்ப்பு தானாக வரும், யாரும் எல்லா இடத்திலும் சரியாக எழுத முடியாது. வந்தால் மென்மையாகக் கேளுங்கள், பதிலைவிட அடுத்த நாள் முகத்தைப் பாருங்கள். அதோடு இன்னொன்று: திருத்தம் வந்த உடனே அது சரி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அடித்துச் சொல்பவர்கள் எல்லாம் தெரிந்து சொல்பவர்கள் இல்லை. கோவில், கோயில் இரண்டும் வழக்கில் உள்ளவை. வாழ்த்துகளா வாழ்த்துக்களா என்று தமிழாசிரியர்களே இன்னும் வாதாடுகிறார்கள். அப்படிப்பட்ட இடத்தில் ஒருவர் ஒன்றை மட்டும் சரி என்று நம் தலையில் கட்டினால், "ரெண்டுமே எழுதுறாங்க" என்று சொல்லி விஷயத்துக்குப் போய்விடலாம்.

இதற்கிடையில் வீட்டில் வேலை வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் வந்து பார்த்துப் போனார்கள், தை மாதத்தில் நிச்சயம் என்று பேசினார்கள். ஓசூரில் ஒரு சின்ன மண்டபத்துக்கு அப்பா 25,000 அட்வான்ஸ் கட்டினார். எனக்குள் ஓடியதை நான் வாய்விட்டுச் சொல்லாததால் அவர்களுக்கு எதுவும் தெரியாது.

அப்புறம்தான் அந்த ராத்திரி. அப்பா, நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்கிறது என்று எழுப்பினார், சட்டை முழுக்க வியர்வை. பக்கத்து மருத்துவமனைக்கு ஆட்டோவில் ஓடினோம். இசிஜி எடுத்தார்கள். இதயத்துக்கான ரத்தப் பரிசோதனையைச் சில மணி நேரம் விட்டு இன்னொரு தடவை எடுத்தால்தான் சொல்ல முடியும், அதுவரை இருங்கள் என்றார்கள். அம்மா உள்ளே, நான் வெளியே ஸ்டீல் நாற்காலியில். அவரிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. "அப்பாவுக்கு நெஞ்சு வழி. ஹாஸ்பிடல்ல இருக்கோம். பயமா இருக்கு" என்று அனுப்பினேன். அவசரத்தில் பழைய கீபோர்டில் அடித்திருக்கிறேன். அவர் விழித்திருந்தார், உடனே டைப்பிங் என்று காட்டியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது, இந்த நேரத்திலும் முழித்திருந்து பேசுகிறாரே என்று. வந்தது நட்சத்திரக் குறியும் "வலி"யும். அதற்குக் கீழே, கொஞ்ச நேரம் கழித்து, "எந்த ஹாஸ்பிடல்?"

அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்று இன்றும் நம்புகிறேன். காலையில் இரண்டு தடவை போன் செய்து விசாரித்தார், பணம் வேண்டுமா என்றும் கேட்டார். ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்து அந்த ஒற்றைச் சொல்லைப் பார்த்தபோது எனக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. நான் எழுதினால் அவர் கண்ணுக்கு முதலில் தெரிவது எழுத்து, அதற்கப்புறம்தான் நான். திருத்தம் சரியா, தப்பா, பணிவாகச் சொன்னாரா, கடுப்பாகச் சொன்னாரா என்பதெல்லாம் இரண்டாம் பட்சம். எது முதலில் வருகிறது என்று பாருங்கள். நாம் சொன்ன விஷயத்துக்குப் பதில் வந்து, அதன் பிறகு திருத்தம் வந்தால் அதோடு வாழலாம். திருத்தம் முதலில் வந்தால் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும்.

அப்பாவுக்கு இதயத்தில் ஒன்றுமில்லை, வாயுத் தொல்லை என்று மறுநாள் அனுப்பிவிட்டார்கள். அதற்கடுத்த நாள் நான் அவரிடம் பேசினேன். மெசேஜில் எழுதவில்லை, போனில் கூப்பிட்டேன். இந்தப் பேச்சை எழுத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள், அதிலும் ஒரு பிழை விழுந்தால் பேச்சு அங்கேயே திசை மாறிவிடும். நான் சொன்னது கிட்டத்தட்ட இதுதான்: "நீங்க திருத்துறது தப்புன்னு நான் சொல்லல. நான் ஒரு விஷயம் சொன்னா முதல்ல அந்த விஷயத்துக்குப் பதில் சொல்லுங்க. எழுத்துல ஏதாவது பார்த்தா, அப்புறமா போன்ல பேசும்போது சொல்லுங்க. மெசேஜ்ல நட்சத்திரம் போட்டு அனுப்ப வேண்டாம். அன்னிக்கு ராத்திரி எனக்கு ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு." எப்போதும், ஒருநாளும் என்றெல்லாம் பழைய கணக்கை எடுக்கவில்லை. ஒரு நிகழ்ச்சி, ஒரு கோரிக்கை, அவ்வளவுதான். பழையதை எல்லாம் அடுக்கினால் அவர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல ஆரம்பிப்பார், கோரிக்கை காணாமல் போகும்.

அவர் அமைதியாகக் கேட்டார். "தப்பு கண்ணுல பட்டா என்னால சும்மா இருக்க முடியாதுங்க. எங்க அப்பா வளர்த்த விதம் அப்படி" என்றார். எனக்குப் புரிந்தது. ஒரு சொல்லுக்கு ஒரு அடி என்று வளர்ந்த பிள்ளையாக இருக்கலாம். ஆனாலும் ஒன்று கேட்டேன். "உங்க மேனேஜர் மெசேஜ்ல தப்பு இருந்தா திருத்துவீங்களா?" சட்டென்று, "அது வேற" என்றார். அவர் சும்மா இருக்கக்கூடியவர்தான் என்பது அப்போது தெரிந்தது. யாரிடம் சும்மா இருக்க வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. "பழக்கம், விட முடியவில்லை" என்று யார் சொன்னாலும் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். மேலே இருப்பவர்களிடம் விட முடிகிற பழக்கத்தை நம்மிடமும் விடலாம்.

சொல்லிவிட்டு உடனே முடிவெடுக்கவில்லை. கேட்ட பிறகு ஒருவர் என்ன செய்கிறார் என்று பார்க்கக் கொஞ்சம் அவகாசம் கொடுக்க வேண்டும், அது அவருக்கு நியாயம். சில நாள் நட்சத்திரம் வரவில்லை. எனக்கு மனசு லேசானது, மறுபடி நீளமாக எழுத ஆரம்பித்தேன். அந்த வாரக் கடைசியில் அப்பா, இரண்டு குடும்பமும் இருக்கிற குரூப்பில் தன் கைப்பட ஒரு மெசேஜ் போட்டார். விசாரித்த எல்லாருக்கும் நன்றி சொல்லி, நிச்சயத்துக்குக் கண்டிப்பாக எல்லாரும் வர வேண்டும் என்று. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தேடி, சோபாவில் உட்கார்ந்து அடித்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். "அனைவருக்கும் நண்றி" என்று ஆரம்பித்திருந்தார். கொஞ்ச நேரத்தில் அவரிடமிருந்து நட்சத்திரக் குறி, "நன்றி". அதற்குக் கீழே அவருடைய அப்பா ஒரு கும்பிடு எமோஜி. எங்கள் அப்பா போனைக் கண்ணருகில் கொண்டுபோய்ப் பார்த்தார், என்னிடம் "எங்கம்மா தப்பு?" என்று கேட்டார். சொன்னேன். தன் மெசேஜை அழித்துவிட்டு, திருத்தி மறுபடி போட்டார். அதற்கப்புறம் அந்தக் குரூப்பில் அவர் எதுவும் எழுதவில்லை.

அன்று ராத்திரியே அம்மாவிடம் வேண்டாம் என்றேன். என்னை மட்டும் என்றால் இன்னும் ஒரு வருடம் பொறுத்திருப்பேனோ என்னவோ. என்னிடம் நிறுத்தியதை, எனக்குப் பதில் என் அப்பாவிடம், எல்லார் முன்னாலும் செய்தால் அவர் நான் சொன்னதைக் கேட்கவே இல்லை என்றுதான் அர்த்தம். நாம் சொன்னதும் நம்மிடம் திருத்தத்தை நிறுத்திவிட்டு, நம் வீட்டார், நம் தோழிகள் என்று அடுத்த ஆளுக்கு அது நகர்ந்தால் அது நின்றதாகாது. இதை முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் மண்டபத்துக்கு அட்வான்ஸ் கட்டும் முன்பே நான் வாய் திறந்திருப்பேன். நெருடல் எதுவாக இருந்தாலும் அதைச் சொல்லி, பதிலைப் பார்த்து, அதற்கப்புறம் பணம் கட்டச் சொல்லுங்கள்.

பெரியவர்களிடம் சொல்வதுதான் எல்லாவற்றையும்விடக் கடினம். "எழுத்துப்பிழையைத் திருத்தினார், அதனால் வேண்டாம்" என்றால் எந்த அம்மாவும் ஏற்க மாட்டார்கள். சித்தி, "குடிக்கல, சிகரெட் இல்ல, தமிழைத் திருத்தினா குத்தமா?" என்றே கேட்டார். நான் இலக்கணத்தைப் பற்றிப் பேசவே இல்லை. போனை எடுத்து அந்த ராத்திரியில் வந்த மெசேஜை, நேரத்தோடு அப்படியே காட்டினேன். "நீங்க ஹாஸ்பிடல்ல இருந்து சித்தப்பாவுக்குப் போன் பண்ணி, நெஞ்சு வலின்னு சொன்னா, அவர் முதல்ல என்ன கேப்பார்?" என்றேன். சித்தி அதற்குமேல் பேசவில்லை. உங்கள் வீட்டில் சொல்லும்போதும் பிழை, திருத்தம் என்ற சொற்களை விட்டுவிட்டு, என்ன சொன்னபோது என்ன பதில் வந்தது என்று ஒரே ஒரு சம்பவத்தைக் காட்டுங்கள். எங்கள் மண்டபக்காரர் தேதிக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்ததால் பாதிப் பணம் திருப்பிக் கொடுத்தார், மிச்சம் போய்விட்டது.

திருத்துபவர்கள் எல்லாரையும் நான் இப்படிப் பார்ப்பதில்லை. இரண்டாவது தடவை பேக்கேஜ் புதுப்பித்த பிறகு வந்த ஒரு வரன், முதல் நாளே போன் செய்து, "ஒரு சின்ன விஷயம், தப்பா நினைக்காதீங்க. உங்க பயோடேட்டால நட்சத்திரம் மகம்னு இருக்கு, ராசி மகரம்னு இருக்கு. மகம்னா சிம்ம ராசிதானே? ஜாதகம் பார்க்கிறவங்க குழம்பிடுவாங்க, மாத்திடுங்க" என்றார். கீபோர்டு செய்த வேலைதான், மாதக்கணக்காக அப்படியே இருந்திருக்கிறது. எத்தனை பேர் அதைப் பார்த்துவிட்டுப் பொருத்தம் இல்லை என்று ஒதுக்கினார்களோ தெரியாது. தனியாகச் சொன்னார், குரலில் சொன்னார், சொல்லாவிட்டால் எனக்கு நஷ்டம் வரும் இடத்தில் சொன்னார். அவருக்கு மனதார நன்றி சொன்னேன், அன்றே மாற்றினேன். ஜாதகம் பொருந்தாததால் அந்த இடம் அமையவில்லை.

இப்போது ஒருவரோடு பேசிக்கொண்டிருக்கிறேன். ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டேன், நான் பெங்களூரில் கன்னடம் படித்தவள், மெசேஜில் பிழை இருக்கும், புரியாவிட்டால் மட்டும் கேளுங்கள், அச்சுக்குப் போகிற எதையும் இரண்டு பேரும் சேர்ந்து பார்ப்போம் என்று. அவர் சிரித்துவிட்டு, தனக்கும் ஒற்று வராது, அழைப்பிதழ் என்று ஒன்று வந்தால் என் வகுப்பு அம்மாவிடம்தான் காட்ட வேண்டும் என்றார். போன வாரம் பாட்டி இறந்த அன்று நடந்ததை அவருக்கு முழுதாக எழுதி அனுப்பினேன். திரும்பிப் படித்துப் பார்க்காமல் அனுப்பினேன்.